பாதியில் நின்றால் எவ்வளவு பணம் திரும்ப வேண்டும்?

கொடைக்கானல் நகரை ஒட்டிய நாயுடுபுரத்தில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம், பள்ளிக் கட்டணத்துக்கு வெளியே மூன்று வகையான கட்டணங்களைச் சந்திக்க நேரிடுகிறது. பக்கத்துத் தெரு ஆசிரியருக்கு மாதந்தோறும் தரும் டியூஷன் பணம், மலைச்சாலையில் பிள்ளையை ஏற்றி இறக்கும் வேன் கட்டணம், நீட் போன்ற தேர்வுகளுக்காகச் சமவெளிப் பயிற்சி மையத்தில் மொத்தமாகக் கட்டும் பணம் ஆகியவையே அவை. தந்தைக்கு வத்தலக்குண்டிலோ மதுரையிலோ வேலை கிடைத்துக் குடும்பம் இறங்கிப் போனாலும், பிள்ளைக்குப் பாடம் ஒத்துவராமல் போனாலும் இம்மூன்றும் ஆண்டின் நடுவே நிற்கும். அப்போது எஞ்சிய பணத்தில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற கேள்விக்கு மூன்றுக்கும் ஒரே விடை இருக்க முடியாது. பாதியில் ஒருவர் விலகுவதால் கட்டணம் வாங்கியவருக்கு உண்மையில் என்ன இழப்பு ஏற்படுகிறது என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது.

சட்டத்தின் அடிப்படையும் இதுவே. ஒப்பந்தத்தை மீறியவர் தர வேண்டிய தொகை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தாலும், அந்தத் தொகையை உச்ச வரம்பாகக் கொண்டு அதற்குள் நியாயமான இழப்பீட்டை மட்டுமே பெறலாம் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு கூறுகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நேர்ந்த இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை நுகர்வோர் மீது சுமத்தும் நிபந்தனையை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற வரையறைக்குள் வைத்துள்ளது. ஆகவே ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அச்சிடப்படும் ‘கட்டிய பணம் திருப்பித் தரப்பட மாட்டாது’ என்ற வரி, பெற்றோர் கையெழுத்திட்ட காரணத்தாலேயே வழக்கை முடித்துவிடுவதில்லை.

இங்கே பள்ளியையும் பயிற்சி மையத்தையும் பிரித்துப் பார்ப்பது அவசியம். சேலத்தைச் சேர்ந்த விநாயகா மிஷன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக மனு சோலங்கி என்பவர் தொடர்ந்த வழக்கில், தேசிய நுகர்வோர் ஆணையத்தின் பெரிய அமர்வு 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரமாட்டா என்றும், பயிற்சி மையங்களைக் கல்வி நிறுவனங்களாகக் கருத முடியாதாகையால் அவற்றின் சேவைக் குறைபாடு நுகர்வோர் ஆணையத்தின் விசாரணைக்கு உட்பட்டது என்றும் அந்த அமர்வு முடிவு செய்தது. அத்தீர்ப்பின் மீதான மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றுள்ளது. எனினும் பயிற்சி மையத்துக்கு எதிராகப் பெற்றோருக்குத் திறந்துள்ள கதவு இதுவே.

பயிற்சி மையங்களுக்கான அளவுகோலை மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தெளிவாகவே வகுத்துள்ளன. முழுப் பணமும் கட்டிய மாணவர் நடுவில் விலகினால், எஞ்சிய காலத்துக்குரிய விகிதத் தொகையைப் பத்து நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். விடுதியில் தங்கியவராக இருந்தால் விடுதிக் கட்டணமும் உணவுக் கட்டணமும் அவ்வாறே திரும்ப வேண்டும். மாநில அரசுகள் சட்டமாகவோ விதியாகவோ ஏற்கும் வரை இந்நெறிமுறைகளுக்குத் தாமாகக் கட்டாயப்படுத்தும் வலிமை இல்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் மையங்களையே இவை குறிப்பதால் வீட்டு டியூஷனும் இவற்றுள் அடங்காது. ஆயினும் எது நியாயம் என்று வாதிடும்போது அரசே ஏற்றுக்கொண்ட அளவுகோல் என்ற மதிப்பு இவற்றுக்கு உண்டு.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டில் போட்டுப் பார்க்கலாம். ஜூன் முதல் பன்னிரண்டு மாதப் பயிற்சிக்கு 84,000 ரூபாய் கட்டணமும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யாக 15,120 ரூபாயும் கட்டிய மாணவர், செப்டம்பர் இறுதியில் விலகுகிறார் என்று கொள்வோம். கட்டணத்தில் 9,000 ரூபாய் புத்தகங்களுக்கு உரியது என ரசீதிலேயே பிரித்துக் காட்டப்பட்டு, புத்தகங்களும் மாணவரிடம் இருந்தால், அந்தத் தொகையைத் திரும்பக் கேட்க இடமில்லை. மீதி 75,000 ரூபாயில் எட்டு மாதப் பங்கு 50,000 ரூபாய். அதற்குரிய வரி 9,000 ரூபாய். ஆக 59,000 ரூபாய் திரும்ப வேண்டும். ரசீதில் பிரித்துக் காட்டாமல், விலகும் நாளில் மட்டும் புத்தகத்துக்கு ஒரு விலை சொல்லும் மையத்தின் கழிவை ஏற்கத் தேவையில்லை. முதல் மாதங்களிலேயே பாடத்தின் பெரும்பகுதியை நடத்திவிட்டதாக மையம் வாதிட்டால், மாதங்களை விட்டுவிட்டு வகுப்புகளை எண்ணுவதே முறை. மொத்தம் 300 வகுப்புகளில் 120 நடந்திருந்தால் எஞ்சியது அறுபது சதவீதம். அப்போது வரி நீங்கலாகத் திரும்ப வேண்டியது 45,000 ரூபாய். இந்த வாதத்தை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு வருகைப் பதிவேட்டையும் கால அட்டவணையையும் கையில் வைத்திருக்கும் மையத்துக்கே உரியது.

வேன்காரரின் நிலை வேறு. அவருடைய வண்டிக்கடன் தவணை, காப்பீடு, தகுதிச் சான்று, ஓட்டுநர் சம்பளம் ஆகிய எதுவும் ஒரு பிள்ளை நின்றுவிட்டதால் குறைவதில்லை; அதே சாலையில் அதே தூரம் ஓடுவதால் டீசலும் பெரிதாக மிச்சமாவதில்லை. பயிற்சி மையத்தில் ஓர் இருக்கை காலியானாலும் வகுப்பு நடந்துகொண்டே இருக்கும், மற்றவர்களின் கட்டணம் அதைத் தாங்கும். பன்னிரண்டு பிள்ளைகளை நம்பி ஓடும் வேனில் ஓர் இடம் காலியானால் வருவாயில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடும், நவம்பரில் புதிய பிள்ளை கிடைப்பதும் அரிது. ஆகவே ஒரு மாத முன்னறிவிப்பு, இல்லையெனில் ஒரு மாதக் கட்டணம் என்று அவர் கேட்பது நியாயமானதே. மாதம் 1,800 ரூபாய் வீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை 5,400 ரூபாய் முன்பணம் கட்டிய குடும்பம் அக்டோபர் இறுதியில் முன்னறிவிப்பின்றி ஊர் மாறினால், நவம்பர் மாதப் பணம் வேன்காரருக்கும், டிசம்பர் மாதத்தின் 1,800 ரூபாய் குடும்பத்துக்கும் சேர வேண்டும். அந்த இடத்தில் நவம்பரிலேயே வேறொரு பிள்ளை ஏறிவிட்டால் இழப்பே இல்லாததால் நவம்பர் மாதப் பணத்தையும் திருப்பித் தருவதே முறை. கனமழை விடுமுறையில் வண்டி ஓடாத ஓரிரு நாட்களுக்குக் கழிவு கேட்பது மட்டும் சரியாகாது. மாதக் கட்டணம் அந்த நாட்களையும் கணக்கில் கொண்டே வகுக்கப்படுகிறது. மாதக்கணக்கில் வண்டி ஓடாவிட்டால் நிலைமை மாறும். பெருந்தொற்றுக் காலத்தில் பூட்டிக் கிடந்த ராஜஸ்தான் தனியார் பள்ளிகளுக்குச் செலவு மிச்சமானதைச் சுட்டிக்காட்டி, உச்ச நீதிமன்றம் 2021 மே மாதத்தில் ஆண்டுக் கட்டணத்தில் 15 சதவீதத்தைக் குறைத்தது இதே நியாயத்தின்பாற்பட்டது.

வீட்டு டியூஷனில் நடந்த மாதத்துக்குப் பணம் என்பதே பொது வழக்கு. பிள்ளை பாதி மாதத்தில் நின்றால் அம்மாதப் பணத்தைப் பெற்றோர் திரும்பக் கேட்காமல் விடுவது தகும். ஆசிரியரே நடுவில் நிறுத்தினால் எஞ்சிய நாட்களுக்குரியதை அவர் தர வேண்டும்.

விலகுவதை வாய்மொழியாகச் சொல்லாமல், எந்த நாள் முதல் என்று குறிப்பிட்டுக் கடிதமாகவோ வாட்ஸ்அப் செய்தியாகவோ அனுப்புவது இன்றியமையாதது. கணக்கு அந்த நாளிலிருந்தே தொடங்கும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். அதற்கும் பயனில்லையெனில், பயிற்சி மையம் வேறு மாவட்டத்தில் இருந்தாலும், கொடைக்கானலில் வசிப்பவர் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் ஏதுமில்லை.