வளைகோடு எழும் இடம்

கொரோனா காலத்து ஆர்.டி.பி.சி.ஆர். அறிக்கைகள் பலவற்றில் 'பாசிட்டிவ்' என்ற சொல்லோடு ஓர் எண்ணும் வந்தது. சி.டி. 18, சி.டி. 31 என்று. எண் குறைந்தால் ஆபத்து, கூடினால் பயமில்லை என்று வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு விளக்கம் சொன்னார்கள். மார்பு சி.டி. ஸ்கேனோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டவர்களும் உண்டு. அறிக்கையில் எண் மட்டும்தான் வரும். அதைத் தந்த வளைகோடு ஆய்வகத்துக் கணினியிலேயே நின்றுவிடும். விஷயம் இருப்பதோ அந்தக் கோட்டில்தான்.

மூக்கிலிருந்து குச்சியில் எடுத்த மாதிரியில் வைரஸின் ஆர்.என்.ஏ. இருந்தால், அதை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றுகிறார்கள். பிறகு கருவி அந்தக் கலவையைச் சூடாக்கும், ஆறவைக்கும், மறுபடி சூடாக்கும். இப்படி ஒரு தடவை சூடாகி ஆறினால் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் தேடுகிற டி.என்.ஏ. துண்டு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நகல் பெருகப் பெருக, கலவையில் சேர்த்திருக்கும் சாயத்தின் ஒளியும் கூடும். சுற்றுக்கு ஒரு முறை ஒளியை அளந்து கருவி ஒரு புள்ளி வைக்கிறது. நாற்பது சுற்று ஓடினால் நாற்பது புள்ளிகள். அவற்றைச் சேர்த்தால் வளைகோடு.

கோடு முதலில் தரையோடு படுத்தே கிடக்கும். அப்போதும் இரட்டிப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. கலவைக்கு இயல்பாகவே உள்ள மங்கலான ஒளியை மீறி அது தெரிவதில்லை, அவ்வளவுதான். பிறகு கோடு சட்டென்று எழும்பி, கடைசியில் மறுபடி தட்டையாகும். மூலப்பொருள்கள் குறைந்து நொதியும் களைத்துவிடுவதால் பெருக்கம் நின்றுபோகிறது. புதிதாகப் பார்ப்பவர் கண் அந்த உச்சிக்குத்தான் போகும். ஆனால் ஆயிரம் மடங்கு வித்தியாசத்தில் தொடங்கிய இரண்டு மாதிரிகள்கூட ஏறத்தாழ ஒரே உயரத்தில் போய் நிற்கலாம். தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்பதைக் கோடு எந்தச் சுற்றில் எழுகிறது என்பதே சொல்லும்.

'எழுகிற இடம்' என்று கண்ணால் சொன்னால் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் திரையில் குறுக்கே ஒரு கிடைக்கோடு போடுகிறார்கள். அதுதான் வாசல் கோடு. அடிமட்ட ஒளியின் சலசலப்புக்கு மேலே, இரட்டிப்பு இன்னும் ஒழுங்காக நடக்கும் பகுதிக்குள் அது இருக்க வேண்டும். வளைகோடு அதைத் தாண்டும் சுற்றின் எண்ணே சி.டி. வாசல் கோட்டைக் கொஞ்சம் உயர்த்தினால் எல்லா மாதிரிகளின் சி.டி.யும் சேர்ந்தே கூடும்; அவற்றுக்கு இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் மாறாது. ஒரு ஆய்வகத்தின் 24ஐ வேறு கிட் பயன்படுத்தும் இன்னொரு ஆய்வகத்தின் 27உடன் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே ஆய்வகம், ஒரே ஓட்டம், இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு வைரஸ் மரபணுவின் சி.டி. 22, இரண்டாமவருக்கு 27. ஐந்து சுற்று வித்தியாசம் என்றால் இரண்டை ஐந்து முறை பெருக்க வேண்டும்: 32 மடங்கு. முதலாமவருக்கு வைரஸ் 32 மடங்கு அதிகம் என்று உடனே சொல்லிவிடத் தோன்றும்.

அவசரப்படக் கூடாது. பல கிட்களில் வைரஸோடு மனித மரபணு ஒன்றையும் சேர்த்தே தேடுவார்கள், குச்சியில் செல்கள் சரியாக வந்தனவா என்று பார்க்க. அது முதலாமவருக்கு 25, இரண்டாமவருக்கு 30 என்று வந்தால்? இரண்டாவது குச்சியில் வந்த செல்களே 32இல் ஒரு பங்குதான். இருவருக்கும் வைரஸ் எண் மனித மரபணு எண்ணைவிடச் சரியாக மூன்று குறைவு. செல்களோடு ஒப்பிட்டால் வைரஸ் அளவில் வித்தியாசமே இல்லை. குச்சியை மேலோட்டமாக விட்டு எடுத்ததுதான் வித்தியாசம். மனித மரபணு 30க்குப் பதில் 26 என்று வந்திருந்தால், ஐந்து சுற்றில் ஒன்றைக் கழித்து நான்கு. அதாவது 16 மடங்கு. மாதிரியில் எவ்வளவு பொருள் வந்தது என்று தெரியாமல் மடங்குக் கணக்குப் போடுவது, என் பார்வையில், ஜோசியத்துக்கு ஒரு படிதான் மேல்.

இரட்டிப்பு என்பதும் முழு உண்மையல்ல. சுற்றுக்கு 1.9 மடங்குதான் பெருகுகிறது என்றால், பத்துச் சுற்று வித்தியாசம் 1,024 மடங்கு அல்ல, சுமார் 613 மடங்கு. இதைச் சோதிக்க ஒரு மாதிரியைப் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று நீர்த்துப் பார்ப்பார்கள். பெருக்கம் சரியாக இருந்தால் ஒவ்வொரு பத்து மடங்குக்கும் சி.டி. சுமார் 3.3 கூட வேண்டும்.

அதிகம் ஏமாற்றுவது 35ஐத் தாண்டிய எண்கள். அங்கே வளைகோடு 'எஸ்' வடிவில் எழாமல், தரையிலிருந்து மெல்ல நகர்ந்து வாசல் கோட்டைத் தொட்டிருக்கலாம். மென்பொருளுக்கு அந்த வித்தியாசம் தெரியாமல் போய், 37.2 என்று அது பாட்டுக்கு அச்சிட்டுவிடும். கோட்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். மாதிரியே சேர்க்காத குழியிலும் கோடு எழுந்திருந்தால், அந்த ஓட்டத்தின் பாசிட்டிவ்களை நம்ப முடியாது.

2021இல் மகாராஷ்டிர அரசு, பாசிட்டிவுக்கான எல்லையை 24க்குக் குறைக்கலாமா என்று கேட்டபோது, ஐ.சி.எம்.ஆர். மறுத்து 35லேயே நின்றது. 24க்கு மேல் வருபவர் நோயின் கடைசி நாளிலும் இருக்கலாம், முதல் நாளிலும் இருக்கலாம். ஒரே ஒரு மாதிரியின் வளைகோட்டில் அதற்குப் பதில் கிடையாது. இரண்டு நாள் கழித்து இன்னொரு மாதிரி எடுத்துப் பார்த்தால்தான் எண் இறங்குகிறதா ஏறுகிறதா என்று தெரியும்.