கோடு போட்டால் அங்கேயே நிற்கும் படம்

பொங்கல் இதழுக்கு ஓர் அட்டைப்படம் வேண்டும். வலப்பக்கக் கீழ்மூலையில் ஒரு பெண் குனிந்து கோலம் போட வேண்டும். மேல்பாதி தலைப்புக்காகக் காலியாக இருக்க வேண்டும். இதை எழுத்தில் சொல்லி ஏஐ படக் கருவியிடம் கேட்டால் பெண்ணும் வருவாள், கோலமும் வரும். ஆனால் அவள் பெரும்பாலும் நட்டநடுவில் நிற்பாள். என்ன வேண்டும் என்பதைச் சொற்கள் சொல்லிவிடும். எங்கே, எவ்வளவு பெரிதாக என்பதைக் கோடு போட்டுத்தான் காட்ட வேண்டும்.

அந்தக் கோட்டைப் படிக்கும் வழியாக 2023-ல் வந்தது கன்ட்ரோல்நெட். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் உருவாக்கியது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற கருவி ஏற்கெனவே கற்றதை அவர்கள் கலைக்கவில்லை. அதன் ஒரு பகுதியைப் பிரதி எடுத்து, கோட்டோவியத்தைப் படிக்க அந்தப் பிரதியை மட்டும் பழக்கினார்கள். படம் உருவாகும்போது மூலக் கருவி வரைகிறது. பிரதி இடம் காட்டுகிறது.

இடத்தைக் காட்டும் வழிகளில் இரண்டைப் பார்ப்போம். ஒன்று, தலை, தோள், முழங்கை, முழங்கால் ஆகியவற்றைப் புள்ளிகளாக்கி இணைக்கும் குச்சி உருவம். இதற்கு ஓப்பன்போஸ் என்று பெயர். கைகால் விரிந்து நிற்பவருக்கு இது போதும். நம் பெண்ணோ குனிந்திருக்கிறாள். கையும் காலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. எது முன்னால் இருக்கிறது என்பதைக் குச்சி உருவம் சொல்லாது. அதனால் இங்கே இரண்டாவது வழியான கிறுக்கல் ஓவியமே நல்லது. முதுகின் வளைவு, தொங்கும் கை, தரையில் கோலத்தின் எல்லை, இவ்வளவு வரைந்தால் போதும். முகமும் புடவை மடிப்பும் வேண்டாம். அவற்றைக் கருவி பார்த்துக்கொள்ளும்.

வரையும் தாளின் நீள அகல விகிதமும் படத்தின் விகிதமும் ஒன்றாக இருக்கட்டும். சதுரத் தாளில் வரைந்து நெட்டுப் படம் கேட்டால் ஓரத்தில் இருக்கும் பெண் வெட்டுப்படலாம். இன்னொன்று, கருவி எதிர்பார்ப்பது கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடு. வெள்ளைத் தாளில் வரைந்ததை invert கொடுத்துத் திருப்பாவிட்டால், கோட்டுக்குத் தொடர்பில்லாத படம் வரும்.

அடுத்தது, கோட்டின் பிடி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது. Control Weight 1 என்று வைத்துத் தொடங்கலாம். கை மரக்கட்டைபோல விறைத்து, நம் கோணல் கோடு அப்படியே புடவை விளிம்பாகத் தெரிந்தால் பிடி அதிகம், 0.7 அளவுக்குக் குறைக்கலாம். பெண் மறுபடி நடுவுக்கு நகர்ந்தால் பிடி போதவில்லை.

இதைவிட நுட்பமானது Ending Control Step. படம் வெறும் புள்ளி இரைச்சலிலிருந்து படிப்படியாகத் தெளிகிறது. யார் எங்கே என்பது தொடக்கப் படிகளிலேயே முடிவாகிவிடும். விரல், துணி, நிழல் போன்றவை பிறகுதான் வரும். ஆகவே 0.6-ல் கோட்டை விலக்கிக்கொண்டால் பெண் மூலையிலேயே இருப்பாள். நம் கிறுக்கலின் முரட்டுத்தனம் அவள் விரல்களில் ஏறாது.

விரல்களின் எண்ணிக்கையும் கோலப் புள்ளிகளின் ஒழுங்கும் இதனால் சரியாகிவிடாது. கிறுக்கல் அவற்றின் இடத்தைக் காட்டுமே தவிர, எண்ணிக் கொடுக்காது. கோலத்தைத் தனியே வரைந்து படத்தின்மேல் பொருத்துவதே வேலையை மிச்சமாக்கும்.