பெருங்குடியிலிருந்து ஒரு மிஸ்டு கால்

பல்லடம் பக்கத்துத் தென்னந்தோப்பு அது. போரின் ஆழம் 900 அடி. அதில் இறங்கியிருப்பது 5 குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார். மும்முனைக் கரண்ட் ராத்திரியில் வந்தால், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து போய் ஸ்டார்ட்டரை அமுக்க வேண்டியது எழுபதைத் தொட்ட அப்பாதான். பாம்புக்குப் பயந்தே மகன் ஒரு மொபைல் ஸ்டார்ட்டரை வாங்கி மாட்டினான். இப்போது சென்னை பெருங்குடியில் இருந்தபடி ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறான், மோட்டார் ஓடுகிறது.

நடப்பது இதுதான். ஸ்டார்ட்டர் பக்கத்திலுள்ள பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. பதிவு செய்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மட்டுமே அது அசையும். முதலில் மூன்று பேஸும் வருகின்றனவா, வோல்டேஜ் போதுமா என்று பார்க்கும். சரியாக இருந்தால், விரல் பச்சைப் பொத்தானை அமுக்குவதற்குப் பதிலாக அதுவே ஸ்டார்ட்டருக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு, மகனுக்குச் செய்தி அனுப்பும். ரீசார்ஜ் முடிந்துவிட்டால் பெட்டி ஊமை. அந்த ராத்திரியில் டார்ச் மறுபடி அப்பா கைக்கு வந்துவிடும்.

சிக்கல் சித்திரையில் வந்தது. மோட்டார் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நின்றது. செல்போனில் DRY RUN என்று செய்தி. மகன் மறுபடி போட்டான், மறுபடி நின்றது. மூன்றாம் தடவை போட்டபோது அப்பாவே கூப்பிட்டார்.

"கண்ணு, போர்ல தண்ணி ஊற வேண்டாமா? ஒண்ணரை மணி நேரம் உட்டுட்டுப் போடு."

தண்ணீரைத் தள்ளும்போது அந்த மோட்டார் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். தண்ணீர் வற்றினால் தள்ளுவதற்குச் சுமை இல்லை, ஆம்பியர் இறங்கிவிடும். பெட்டி கண்டுபிடிப்பது இந்த இறக்கத்தைத்தான்; தண்ணீரை அது பார்ப்பதே இல்லை. நீர்மூழ்கி மோட்டாருக்குச் சூடு தணிவது தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரால். வெறுமனே ஓடினால் புஷ் தேயும், காயில் கருகும். பிறகு வண்டி வரவழைத்து, அத்தனை குழாயையும் கழற்றி மேலே தூக்க வேண்டும். மகன் செல்போனில் நேரத்தை மாற்றினான்: நாற்பது நிமிட ஓட்டம், தொண்ணூறு நிமிட ஓய்வு.

கேட் வால்வு மட்டும் இன்னும் அப்பா பொறுப்புதான். எந்தப் பகுதிக்குத் தண்ணீர் திருப்புவது என்று அவர் பகலிலேயே பார்த்து வைத்துவிடுகிறார்.

பைப் உடைவது வேறு கதை. ஒருநாள் ராத்திரி மெயின் லைன் வரப்போரம் விட்டுப்போனது. மோட்டார் தண்ணீரைத் தள்ளிக்கொண்டேதான் இருந்தது, அதனால் ஆம்பியரில் பெரிய மாற்றம் இல்லை. பெருங்குடியில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் விடியற்காலையில் தன் மஞ்சள் காட்டில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துச் சத்தம் போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த வாரமே பெட்டியில் அவருடைய எண்ணையும் பதிந்தார்கள், மோட்டாரை நிறுத்த அவருக்கும் வழி இருக்கட்டும் என்று.