துளசித் தொட்டிக்குக் கீழே ஒரு சீட்டு

பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் இரண்டு பேர், இருவருக்கும் பொதுவான பால்கனியில் ஒருவருக்கொருவர் துண்டுச் சீட்டு எழுதி வைக்கத் தொடங்குகிறார்கள். சிறுகதைக்கு இதைவிட எளிய கரு கிடையாது. ஆனால் இந்தக் கருவில் எழுதப்படும் கதைகளில் பெரும்பாலானவை இரண்டாம் பக்கத்திலேயே படுத்துவிடும். எங்கே படுக்கிறது, எப்படி எழுந்து நிற்க வைப்பது என்பதை ஒரு கதையை உண்டாக்கியபடியே பார்க்கலாம்.

சென்னையில் பழைய ஹவுசிங் போர்டு குடியிருப்பு ஒன்று. இரண்டாவது மாடியில் இரண்டு வீடுகளின் சமையலறைக் கதவும் பின்பக்கம் ஒரே பால்கனியில் திறக்கின்றன. நடுவில் தடுப்பு இல்லை. ஒரு கொடி, ஒரு துளசித் தொட்டி, மூலையில் பழைய பக்கெட். ஒரு வீட்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற லோகநாயகி. இன்னொன்றில் பத்திரிகை அச்சகத்தில் இரவு ஷிப்டு பார்க்கும் சேவியர். மாலை ஆறு மணிக்குக் கிளம்புகிறவர் விடிகாலை ஐந்துக்குத் திரும்பி, பகல் முழுக்கத் தூங்குவார்.

முதல் கேள்வி, ஏன் எழுத வேண்டும்? கதவைத் தட்டினால் போதுமே, வாட்ஸ்அப் இருக்கிறதே என்று வாசகர் கேட்பார். தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்பது ஒரு பதில். அதைவிட உண்மையான பதில் இன்னொன்று உண்டு. தனியாக இருக்கும் ஒரு பெண்மணியிடம் போன் நம்பர் கேட்பது நம் ஊரில் பெரிய காரியம்; சீட்டு வைக்க யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. இந்தக் காரணம் கதை முழுக்க நிற்க வேண்டும் என்பதுகூட இல்லை. சொல்லப்போனால் ஒரு கட்டத்தில் அது விழுந்துவிட வேண்டும். முதலில் வேறு வழியில்லாமல் எழுதுகிறார்கள். பிறகு வேறு வழி இருந்தும் எழுதுகிறார்கள். கதை உண்மையில் தொடங்குவது அந்த இரண்டாவது இடத்தில்.

முதல் சீட்டில் நட்போ கவிதையோ இருக்கக் கூடாது. அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும், புகார் என்றால் இன்னும் நல்லது. 2013இல் வந்த 'தி லஞ்ச்பாக்ஸ்' இந்திப் படத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். மும்பையில் டப்பா மாறிப்போய் யாரோ ஒருவருக்குச் சாப்பாடு போகிறது. சமைத்தவள் அனுப்பிய முதல் சீட்டுக்கு அவர் எழுதும் பதில், சாப்பாட்டில் உப்பு அதிகம் என்பதுதான். அந்த முரட்டுத்தனம்தான் அடுத்த சீட்டை எழுத வைக்கிறது. நம் கதையில் மே மாதம், லோகநாயகி வடகம் காயவைத்திருக்கிறார்.

"பக்கத்து வீட்டாருக்கு, தங்கள் ஈரத் துணியிலிருந்து சொட்டும் தண்ணீர் என் வடகத்தின் மேல் விழுகிறது. கொடியைத் தள்ளிக் கட்டிக்கொள்ளவும்."

மறுநாள் காலை கொடி ஒரு முழம் தள்ளியிருக்கிறது. துளசித் தொட்டியின் கீழ் ஒரு துண்டுக் காகிதம்.

"ஸாரி மேடம். மாத்திட்டேன். எத்தனை வடகம் போச்சு?"

இந்தக் கேள்விக்குறி இல்லையென்றால் கதை இங்கேயே முடிந்துவிடும். மன்னிப்புக் கேட்டாயிற்று, கொடியும் நகர்ந்தாயிற்று. எதற்கு இன்னொரு சீட்டு? ஒவ்வொரு சீட்டும் அடுத்ததைக் கொஞ்சமாவது தேவையாக்க வேண்டும். அது கேள்வியாக இருக்கலாம், திருப்பித் தர வேண்டிய பாத்திரமாக இருக்கலாம். லோகநாயகி ஒரே சொல்லில் பதில் எழுதுகிறார்: "பதினாறு." சேவியர் கடையிலிருந்து ஒரு பாக்கெட் வடகம் வாங்கி வைக்கிறார். அதற்கு வருகிறது பதில்:

"கடை வடகத்தில் சோடா உப்பு. இனி வாங்க வேண்டாம். டப்பாவில் இருப்பது நான் போட்டது. ஒரு ஆளுக்கு அளவாகப் போட வரவில்லை, எப்போதும் அதிகமாகிவிடுகிறது. டப்பாவைத் திருப்பி வைக்கவும்."

டப்பா வந்துவிட்டது. இனி எழுதுகிறவருக்குக் கவலையில்லை. கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது நம் வீடுகளில் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். சேவியர் அன்று அதிகாலை அச்சான பேப்பரை மடித்து உள்ளே வைக்கிறார். அது தினசரி வழக்கமாகிறது. எழுத்தோடு ஒரு பொருளும் போய் வந்தால் கதைக்கு எடை கூடும். ஹெலன் ஹான்ஃபின் '84, சாரிங் கிராஸ் ரோடு' இதற்கு நல்ல சாட்சி. நியூயார்க்கில் இருந்த அந்த எழுத்தாளர் 1949இல் லண்டன் பழைய புத்தகக் கடை ஒன்றுக்குப் புத்தகம் கேட்டு எழுதினார். போருக்குப் பிறகும் அங்கே ரேஷன் என்று தெரிந்ததும் உணவுப் பொட்டலங்கள் அனுப்பத் தொடங்கினார். வெறும் ஆர்டரும் பில்லுமாக இருந்திருக்க வேண்டிய கடிதங்கள் அதன் பிறகுதான் கடை ஊழியர்கள் எல்லோருடைய கடிதங்களாகவும் ஆயின. 1970இல் வந்த அந்தப் புத்தகம் கற்பனையல்ல, உண்மைக் கடிதங்கள்.

மேலே உள்ள சீட்டில் "ஒரு ஆளுக்கு" என்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்த வகைக் கதைகள் அதிகம் படுப்பது இந்த இடத்தில்தான். 'என் கணவர் காலமாகி எட்டு ஆண்டுகளாகத் தனிமையில் வாடும் எனக்கு உங்கள் சீட்டுகள் ஆறுதல்' என்று லோகநாயகியை எழுதவைத்துவிடுவார்கள். எந்த மனுஷி இப்படித் துண்டுச் சீட்டில் எழுதுவாள்? அது சேவியருக்கு எழுதியது அல்ல, வாசகருக்கு எழுதியது. ஒரு வரியைப் படித்து, பெறுகிறவருக்கு இது தேவையா என்று கேட்டுப் பாருங்கள். தேவையில்லையென்றால் அங்கே பேசுவது கதாசிரியர்தான். வடகம் அதிகமாகிவிடுகிறது என்ற அலுப்பில் சேவியருக்கு வேண்டிய செய்தியும் இருக்கிறது, வாசகருக்கு வேண்டியதும் இருக்கிறது.

இரண்டாவது கோளாறு, இருவரும் ஒரே மாதிரி எழுதுவது. சீட்டுகளில் பெயரை மூடிவிட்டுப் படித்தால் யார் எழுதியது என்று தெரிய வேண்டும். லோகநாயகி அலுவலகத் தமிழில் 'வைக்கவும்', 'வேண்டாம்' என்று எழுதுகிறவர். சேவியர் பேசுவதைப் போலவே எழுதுகிறார். இதைவிட நுட்பமானது, ஒருவரையொருவர் விளிப்பது. 'பக்கத்து வீட்டாருக்கு' என்று தொடங்கியவர் எப்போது 'தம்பிக்கு' என்று எழுதுகிறார்? 'மேடம்' எப்போது 'அம்மா' ஆகிறது? இரண்டும் ஒரே நாளில் மாறக் கூடாது. ஒருவர் முந்த வேண்டும், இன்னொருவர் சில சீட்டுகளுக்குப் பழையபடியே எழுத வேண்டும். அந்த இடைவெளியில் வாசகருக்குச் சின்னதாக ஒரு பதைப்பு வரும். சேவியரை முந்தவிடுவேன் நான். அந்த அம்மாள் லேசில் இறங்குகிறவர் இல்லை.

எதில் எழுதுகிறார்கள் என்பதும் கதைதான். சேவியர் எழுதுவது அச்சகத்துக் கழிவுத் தாளில், பென்சிலால். அந்தத் தாளில் மை ஊறிப் பரவிவிடும். லோகநாயகி எழுதுவது தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாளின் பின்புறம். இதில் ஒரு பெரிய வசதி, தேதியைக் கதாசிரியர் சொல்ல வேண்டாம். முன்பக்கம் ராகு காலம், எமகண்டத்தோடு அச்சாகியிருக்கும்.

இப்போது கதையின் நடுப்பகுதி. ஜூன் மாதம். நான்கு நாள் பேப்பர் துளசித் தொட்டியின் கீழ் அப்படியே கிடக்கிறது. சேவியர் ஒவ்வொரு நாளும் ஒரு சீட்டு வைக்கிறார். "டப்பா எடுக்கலையா?" "ஊருக்கா?" கடைசிச் சீட்டில் வார்த்தை இல்லை, கேள்விக்குறி மட்டும். லோகநாயகியைச் சாகடித்துவிட இங்கே கை அரிக்கும். அரிக்கட்டும். ஐந்தாம் நாள் சீட்டு வருகிறது, ஆனால் தொட்டியின் கீழ் இல்லை. கொடியில், கிளிப் போட்டுத் தொங்குகிறது.

தாளின் முன்பக்கம் ஜூன் 9. பின்பக்கம் வழக்கமான கையெழுத்தில் இரண்டு வரி: "தம்பிக்கு, நாளை வலது கண் ஆபரேஷன். மகள் வீட்டில் நாலு நாள் இருப்பேன்." அதற்குக் கீழே, பெரிய பெரிய எழுத்தில், வரி சரிந்து: "குனியக் கூடாதாம். இனிமேல் மேலே."

கண்புரை அறுவைக்குப் பிறகு சில நாட்கள் குனிய வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வது வழக்கம். கீழே கிடக்கும் சீட்டை அவரால் எடுக்க முடியவில்லை. ஆனால் வாசகர் கவனிக்க வேண்டியது தேதியை. போவதற்கு முன்பே எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு, இவரிடம் இதைச் சொல்வானேன் என்று வைக்காமலே போயிருக்கிறார். திரும்பி வந்து அந்த நான்கு சீட்டுகளையும் நின்ற இடத்திலிருந்தே பார்த்த பிறகுதான் பழைய தாளைத் தேடி எடுத்திருக்கிறார். இதில் ஒரு சொல்லைக்கூடக் கதாசிரியர் சொல்லக் கூடாது. தேதி இருக்கிறது, இரண்டு விதக் கையெழுத்து இருக்கிறது, கிளிப் இருக்கிறது. போதும். 'தம்பிக்கு' என்று அவர் எழுதியதும் அந்த 9ஆம் தேதிதான், முதல் முறையாக.

இன்னொரு கேள்வி பாக்கி. இவர்கள் நேரில் பார்க்க வேண்டுமா? ஹான்ஃபும் கடைக்காரர் ஃபிராங்க் டோலும் கடைசிவரை சந்திக்கவில்லை. 1968இல் டோல் இறந்துவிட்டார். நடுவில் ஒரு கடலே இருந்ததால் அது நம்பும்படி இருக்கிறது. 'காதல் கோட்டை' (1996) அந்தச் சந்திப்பைக் கடைசிக் காட்சிக்கு, ரயில் நிலையத்துக்குத் தள்ளி வைத்தது. ஸ்வெட்டர் ஒன்று காட்டிக்கொடுக்கும்வரை கொட்டகையே தவித்தது. நம் கதைக்கு இரண்டும் பொருந்தாது. நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் பார்க்காமல் இருந்தார்கள் என்றால் யார் நம்புவார்கள்? அதனால் அவர்களைச் சந்திக்க வைத்துவிட வேண்டியதுதான், ஆபரேஷனுக்கு முன்பே, கதையின் நடுவே, படிக்கட்டில்.

"மோட்டார் போட்டாச்சாம்மா?"

"போட்டாச்சு."

அவ்வளவுதான். அவர் இறங்கிப் போகிறார், இவர் ஏறி வருகிறார். மறுநாள் சீட்டில் இருவருமே அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாது. வடகத்தைப் பற்றியோ பேப்பரில் வந்த குறுக்கெழுத்தைப் பற்றியோ எழுதட்டும், வழக்கத்தைவிட இரண்டு வரி அதிகமாக.