பூவா தலையா போட்டுக் கட்டும் மாடிகள்

பத்து லட்சம் எண்களை ஏறுவரிசையில் வைத்திருக்கிறோம். அவ்வப்போது புதிய எண் வரும், பழையது போகும், நடுவே ஏதாவது ஒன்றைத் தேடவும் வேண்டும். சங்கிலி போல ஒன்றையடுத்து ஒன்றாகக் கோத்து வைத்தால் கணிப்பொறி முதல் கண்ணியிலிருந்தே நடந்தாக வேண்டும். அதனால்தான் கிளை பிரியும் மர அமைப்பு வந்தது. ஆனால் எண்கள் ஏற்கெனவே வரிசையாக வந்து சேர்ந்தால் மரம் ஒரே பக்கமாக நீண்டு, மறுபடியும் சங்கிலியாகிவிடும். அதைத் தடுக்க, 1962-இல் சோவியத் கணித அறிஞர்கள் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும், சாயச் சாயக் கிளைகளைச் சுழற்றி நிமிர்த்திக்கொள்ளும் மரத்தை வகுத்தார்கள். வேலை செய்யும், ஆனால் அந்தச் சுழற்றலைப் பிழையில்லாமல் நிரலாக எழுதுவது பெரிய தலைவலி.

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் பியூ 1990-இல் வெளியிட்ட கட்டுரையில் வேறு வழி சொன்னார். சமநிலையைக் காவல் காக்க வேண்டாம். ஒவ்வோர் எண்ணும் உள்ளே வரும்போது நாணயத்தைச் சுண்டுங்கள். அந்த அமைப்புக்கு அவர் வைத்த பெயர் ஸ்கிப் லிஸ்ட். தாவு பட்டியல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எல்லா எண்களும் தரைத்தளத்தில் வரிசையாக நிற்கும். தலை விழுந்தால் அந்த எண்ணுக்கு இன்னொரு மாடி. மறுபடி தலை என்றால் இன்னும் ஒன்று. பூ விழுந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு தளத்திலும், அந்த உயரம் வரை எழுந்த எண்கள் மட்டும் தமக்குள் கைகோத்துக்கொள்ளும்.

3, 7, 12, 19, 26, 31, 44, 58 என்று எட்டு எண்கள் இருக்கட்டும். 7-க்கும் 31-க்கும் இரண்டு தளம், 19-க்கு மூன்று, மற்றவற்றுக்குத் தரைத்தளம் மட்டும் கிடைத்தது என்போம். இப்போது 44-ஐத் தேடுவோம். உச்சித் தளத்தில் முதலில் எதிர்ப்படுவது 19. சிறியதுதான், அங்கே தாவலாம். அதற்கப்பால் அந்தத் தளத்தில் யாரும் இல்லை என்பதால் ஒரு தளம் இறங்குகிறோம். அங்கே அடுத்து 31, அதற்கும் தாவலாம். மறுபடி ஆளில்லை. தரைக்கு இறங்கினால் அடுத்து நிற்பதே 44. சங்கிலியில் ஏழாவதாகக் கிடைத்திருக்கும் எண்ணை மூன்றே ஒப்பீட்டில் பிடித்துவிட்டோம்.

சராசரியாக எத்தனை அடி ஆகும்? பியூ இதைக் கணக்கிட்ட விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வந்த வழியில் பின்னோக்கி நடந்து பார்த்தார். கண்டுபிடித்த எண்ணில் நிற்கிறோம். அந்த எண்ணுக்கு மேலே மாடி இருந்தால் மேலிருந்து இறங்கி வந்திருப்போம். இல்லையென்றால் இடப்பக்கத்திலிருந்து வந்திருப்போம். மாடி இருக்கிறதா என்பதே ஒரு சுண்டல்தான்: தலை என்றால் மேலே, பூ என்றால் இடப்பக்கம். ஒரு தலை விழச் சராசரியாக இரண்டு முறை சுண்ட வேண்டும். எனவே ஒரு தளம் ஏற இரண்டு அடி. தளத்துக்குத் தளம் கூட்டம் பாதியாகக் குறைவதால் பத்து லட்சம் எண்களுக்குச் சுமார் 20 தளம். ஆக 40 அடி; உச்சியில் ஓரிரண்டு கூடுதலாகும். கச்சிதமாகச் சமன்செய்த மரத்தில் 20 ஒப்பீடு போதும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இது சராசரி மட்டுமே, உத்தரவாதம் அல்ல. ஆனால் 250-க்கு மேல் எண்கள் இருந்தால், ஒரு தேடல் எதிர்பார்த்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல் இழுக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றைவிடக் குறைவு என்று பியூ காட்டினார். எண்கள் எந்த வரிசையில் வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மரத்தைக் கவிழ்த்த வரிசையான வரவு இங்கே ஒன்றும் செய்யாது. அதிர்ஷ்டம் கெட வேண்டுமானால் நாணயம்தான் கெட வேண்டும்.

நாணயம் கெடுவதும் உண்டு. உயரம் தீர்மானிக்கும் நிரல் இவ்வளவுதான்:

```
level = 1
while coin() == 1 and level < 32:
    level = level + 1
```

சில பழைய தற்செயல் எண் உருவாக்கிகளில் கடைசி பிட் 1, 0, 1, 0 என்று மாறி மாறியே வரும். அதை நாணயமாகக் கொண்டால் என்ன ஆகும்? ஒரு தலை, ஒரு பூ, அத்தோடு நிறுத்தம். அடுத்த எண்ணுக்கும் அதேதான். எல்லா எண்ணுக்கும் இரண்டே தளம், தாவ இடமே இல்லை, பழைய சங்கிலி திரும்பிவிட்டது. இதில் வேடிக்கை, சரியான நாணயத்திலும் சராசரி உயரம் இரண்டுதான். சராசரியை மட்டும் சரிபார்ப்பவர் கண்ணில் பிழை படாது. ஒற்றைத்தளத்தோடு பாதிப் பேர், இரண்டு தளத்தோடு கால்வாசி, மூன்றோடு அரைக்கால் என்று பரவியிருக்கிறதா என எண்ணிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

இத்தாலியரான சால்வடோர் சான்ஃபிலிப்போ எழுதிய ரெடிஸ் தரவுக்கிடங்கில், `ZADD` கட்டளையால் மதிப்பெண் வரிசையில் சேர்க்கும் பெரிய பட்டியல்களுக்குப் பின்னால் இருப்பது தாவு பட்டியல்தான். அங்கே மேலே ஏறும் வாய்ப்பு பாதியல்ல, கால். ஒரு தளம் ஏற நான்கு அடியாகும், ஆனால் தளங்களின் எண்ணிக்கை பாதியாகிவிடும். மொத்த நடை ஏறக்குறைய அதே 40. மிச்சம் நினைவகத்தில்: ஓர் எண்ணுக்குச் சராசரியாக இரண்டு சுட்டிகள் தேவைப்பட்ட இடத்தில் 1.33 போதும். பத்தாம் இடத்திலிருந்து இருபதாம் இடம் வரை யார் யார் என்று கேட்டால், பத்தாமவரைப் பிடித்துவிட்டுத் தரைத்தளத்திலேயே நேராக நடந்துவிடலாம்.