ரிலீவிங் லெட்டரில் இருக்க வேண்டியவை

தனியார் நிறுவனத்தில் வேலையை விட்டு விலகுபவருக்கு வழக்கமாக இரண்டு கடிதங்கள் தரப்படுகின்றன. ஒன்று ரிலீவிங் லெட்டர் எனும் விடுவிப்புக் கடிதம். மற்றொன்று எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் எனும் அனுபவச் சான்றிதழ். சிறிய நிறுவனங்கள் இரண்டையும் ஒரே தாளில் முடித்துவிடுவதுண்டு. அது தவறில்லை. ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு. விடுவிப்புக் கடிதம் ஊழியருக்கே எழுதப்படுவது: ‘உங்கள் ராஜினாமா ஏற்கப்பட்டது, இந்தத் தேதியோடு உங்களுக்கும் எங்களுக்கும் வேலைத் தொடர்பு முடிந்தது’ என்று அது சொல்கிறது. அனுபவச் சான்றிதழ் வெளியாருக்கு எழுதப்படுவது: ‘இவர் எங்களிடம் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இந்தப் பதவியில் இருந்தார்’ என்று சாட்சி சொல்கிறது. புதிய நிறுவனம் வேலையில் சேர்த்துக்கொள்ளும் நாளில் முதலில் கேட்பது முன்னதை. பத்து வருடம் கழித்தும் தேவைப்படுவது பின்னது.

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். அவர் 2019 ஜூன் 17 அன்று பயிற்சியாளராகச் சேர்ந்தார். ஒரு வருடம் முடிந்ததும் கணக்கு உதவியாளராக நிரந்தரமாக்கப்பட்டார். 2023 ஏப்ரல் 1 முதல் மூத்த கணக்கு உதவியாளர். 2025 மார்ச் 3 அன்று ராஜினாமா கொடுத்தார். நோட்டீஸ் காலம் 60 நாள். ராஜினாமா கொடுத்த மறுநாளிலிருந்து எண்ணினால் மார்ச்சில் 28, ஏப்ரலில் 30, மே மாதத்தில் 2 நாட்கள் என்று மே 2, வெள்ளிக்கிழமையோடு நோட்டீஸ் முடிகிறது. புதிய நிறுவனத்தில் மே 5, திங்கட்கிழமை சேர வேண்டும்.

இதுவரை சிக்கல் எதுவும் இல்லை. அவர் கணக்கில் ஈட்டிய விடுப்பு மிச்சம் இருந்ததால், ஏப்ரல் 21க்குப் பிறகு அவர் அலுவலகம் வரவில்லை. அப்படியானால் கடிதத்தில் எந்தத் தேதியைப் போடுவது? பல அலுவலகங்களில் பிழை நுழைவது இந்த இடத்தில்தான். கடைசியாக அலுவலகத்துக்கு வந்த நாளும், வேலைத் தொடர்பு முடிந்த நாளும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. விடுப்பு அனுமதிக்கப்பட்டு, மே 2 வரை அவருக்குச் சம்பளம் போகிறதென்றால், அன்றுவரை அவர் அந்த நிறுவனத்தின் ஊழியர்தான். கடிதத்தில் வர வேண்டியது மே 2. அதற்கு மாறாக, மிச்சமுள்ள நோட்டீஸ் நாட்களுக்கான பணத்தைப் பிடித்துக்கொண்டு அவரை முன்கூட்டியே விடுவிக்க நிறுவனம் சம்மதித்திருந்தால், ஏப்ரல் 21 என்று எழுதுவதே சரி. எந்த வழி என்பதை ராஜினாமா ஏற்பு மெயிலிலேயே எழுதி வாங்கிக்கொண்டால் பின்னால் வாதம் வராது.

தேதியோடு ‘அலுவலக நேரம் முடிவில்’ என்ற சொற்களும் சேர வேண்டும். ‘2025 மே 2 அன்று அலுவலக நேரம் முடிவில் தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்’ என்று எழுதினால், மே 2 முழுவதும் பழைய நிறுவனத்தின் கணக்கில் வருகிறது. மறுநாள் முதல் அவர் சுதந்திரம். அதை விட்டுவிட்டு, கடிதம் டைப் ஆன நாளான மே 6ஐயே விடுவிப்பு நாளாகப் போட்டுவிட்டால், மே 5, 6 இரண்டு நாட்களும் அவர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் வேலை பார்த்ததாகக் காகிதம் சொல்லும். இரட்டை வேலை விஷயத்தில் ஐ.டி. நிறுவனங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிற காலம் இது. ஒரு கிளார்க்கின் கவனக்குறைவுக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் ஊழியராகிவிடுகிறார். கடிதத்தின் தேதி வேறு, அதற்குள் இருக்கும் விடுவிப்புத் தேதி வேறு. முன்னது பிந்தி இருந்தால் குற்றமில்லை.

தேதியை எழுதும் முறையிலும் ஒரு சிறு கவனம் தேவை. 02/05/2025 என்பது இங்கே மே 2. அமெரிக்காவில் அதையே பிப்ரவரி 5 என்று படிப்பார்கள். மாதத்தை எழுத்தில் போட்டுவிட்டால் இந்தக் குழப்பமே கிடையாது.

சேர்ந்த தேதியிலும் இதேபோல் இரண்டு மூன்று போட்டியாளர்கள் உண்டு: ஆஃபர் லெட்டரின் தேதி, உண்மையில் வேலைக்கு வந்த தேதி, நிரந்தரமாக்கப்பட்ட தேதி. கடிதத்தில் வர வேண்டியது வேலைக்கு வந்த தேதி. மேலே சொன்ன பெண்ணுக்கு நிரந்தரமான தேதியைப் போட்டால் ஒரு வருட அனுபவம் காணாமல் போகும். சரியாக எழுதினால் அவருடைய மொத்தப் பணிக்காலம் 5 ஆண்டு 10 மாதம் 16 நாள்.

அடுத்தது பதவி. பெரும்பாலான சான்றிதழ்கள் கடைசிப் பதவியை மட்டும் சொல்கின்றன. ‘2019 ஜூன் 17 முதல் 2025 மே 2 வரை மூத்த கணக்கு உதவியாளராகப் பணிபுரிந்தார்’ என்று எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது உண்மையில்லை. அவர் அந்தப் பதவியில் இருந்தது இரண்டு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான காலம்தான். ‘பயிற்சியாளராகச் சேர்ந்து, மூத்த கணக்கு உதவியாளராக விலகினார்’ என்பது சரியான வாக்கியம். மூன்று பதவிகளையும் அவற்றின் தேதிகளோடு தனித்தனியாகத் தருவது அதைவிட நல்லது. ஒரு குறிப்பிட்ட பதவியில் இத்தனை வருட அனுபவம் வேண்டும் என்று கேட்கும் வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பிரிப்பு இல்லாத சான்றிதழ் உதவாது. பதவியின் பெயரும் நியமன ஆணையிலும் பே ஸ்லிப்பிலும் இருப்பது போலவே இருக்க வேண்டும். விலகுபவர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக ‘உதவியாளர்’ என்பதை ‘மேலாளர்’ ஆக்கிக் கொடுப்பது உதவி போலத் தெரியும். சரிபார்ப்பின்போது அகப்பட்டுக்கொள்பவர் அந்த ஊழியர்தான்.

உள்ளூர் வேலைக்குத் தேதியும் பதவியும் போதும். வெளிநாடு போகிறவர்களுக்குப் போதாது. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவரின் அனுபவக் கடிதம் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். அதில் வகித்த பதவிகள், ஒவ்வொன்றிலும் செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளமும் படிகளும் எவ்வளவு என்பதெல்லாம் கேட்கப்படுகின்றன. விலகி நாலு வருடம் கழித்து இதற்காகப் பழைய அலுவலகத்தின் படியேறுவது சிரமம். வெளிநாட்டு எண்ணம் இருப்பவர்கள் விலகும்போதே விரிவான கடிதத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

பாராட்டு வரிகளுக்கு அவ்வளவு மதிப்பில்லை. ‘கடின உழைப்பாளி, நேர்மையானவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்’ என்பது எல்லோருக்கும் ஒரே அச்சில் வருவது. சரிபார்ப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அதே நேரத்தில், மனஸ்தாபத்தோடு விலகியவரைப் பற்றிக் கடிதத்தில் குத்தலாக எழுதுவதும் முறையில்லை. 1946ஆம் ஆண்டின் நிலையாணை விதிகளோடு இணைந்த மாதிரி நிலையாணைகள், நிரந்தரத் தொழிலாளி ஒருவர் டிஸ்மிஸ் செய்யப்பட்டாலும், வேலையிலிருந்து நீக்கப்பட்டாலும், ஓய்வு பெற்றாலும் பணிச் சான்றிதழ் பெற உரிமையுள்ளவர் என்றே கூறின. நன்னடத்தைக்குத் தரும் பரிசாக அந்தச் சான்றிதழை விதி பார்க்கவில்லை. நடந்த வேலைக்கான பதிவாகவே பார்த்தது.

தாளின் மேற்பகுதியையும் கவனிக்க வேண்டும். நிறுவனச் சட்டம் 2013இன்படி ஒரு கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் அதன் பெயரோடு பதிவு அலுவலக முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், 21 எழுத்து-எண்கள் கொண்ட அடையாள எண் ஆகியவை இருக்க வேண்டும். அந்த எண்ணில் ஏழாவது எட்டாவது இடங்களில் மாநிலக் குறியீடும், அடுத்த நான்கு இடங்களில் கம்பெனி பதிவான ஆண்டும் இருக்கும். நடுவில் TN2019 என்று இருந்தால், தமிழ்நாட்டில் 2019இல் பதிவானது என்று பொருள். போலிச் சான்றிதழ்களைப் பிடிப்பதற்கு இது எளிய வழி. அந்தக் கம்பெனி 2016இலிருந்தே அனுபவம் தந்ததாகச் சான்றிதழ் சொன்னால், பங்குதாரர் நிறுவனமாக இருந்து பிறகு கம்பெனியாக மாறியது போன்ற காரணம் ஏதாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்தது. கீழே கையெழுத்திடுபவரின் பெயரும் பதவியும் தெளிவாக இருக்க வேண்டும். வெறும் கிறுக்கலும் ரப்பர் ஸ்டாம்பும் போதாது.

ஊழியரின் பெயரில் நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: இனிஷியல். ஆதாரில் ‘எஸ். கவிதா’, பான் கார்டில் ‘கவிதா சண்முகம்’, திருமணத்துக்குப் பின் வங்கிக் கணக்கில் கணவர் பெயரின் முதலெழுத்து என்று ஒருவரே மூவராகிவிடுகிறார். சான்றிதழில் ஆதாரோடும் பி.எஃப். கணக்கோடும் ஒத்துப்போகும் பெயரை எழுதி, பணியாளர் எண்ணையும் சேர்த்துவிட்டால் ஆள் இவர்தான் என்பதில் சந்தேகம் வராது.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், சரிபார்ப்பவர்கள் கடிதத்தை மட்டும் நம்புவதில்லை. பழைய நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவுக்கு அதன் சொந்த மெயில் முகவரியில் எழுதிக் கேட்கிறார்கள். பி.எஃப். பணி வரலாற்றில் உள்ள சேர்ந்த, விலகிய தேதிகளோடு ஒப்பிடுகிறார்கள். கடிதத்தில் மே 2 என்றும் பி.எஃப். பதிவில் ஏப்ரல் 30 என்றும் இருப்பது அடிக்கடி நடப்பதுதான்; முழு மாதச் சம்பளம் போட்ட கடைசி நாளையே விலகிய நாளாகச் சம்பளப் பிரிவு பதிந்துவிடுகிறது. சில நிறுவனங்கள் விலகிய தேதியைப் பதியவே மறந்துவிடும். அப்போது, கடைசியாகப் பணம் கட்டப்பட்டு இரண்டு மாதம் கழிந்தபின், ஊழியரே யு.ஏ.என். தளத்தில் Manage என்பதற்குக் கீழே Mark Exit என்ற இடத்தில் தேதியைப் பதியலாம். அங்கே போடும் தேதி, கடைசித் தொகை எந்த மாதத்துக்கானதோ அந்த மாதத்துக்குள் இருக்க வேண்டும். கடிதத்தில் உள்ள தேதியையே அங்கும் போட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடிதமே கைக்கு வராமல் இழுபறியாகும் இடமும் உண்டு. லேப்டாப், அடையாள அட்டை, முன்பணம் எல்லாம் திரும்பிவிட்டதாக ஒவ்வொரு பிரிவும் கையெழுத்திட்ட ‘நிலுவை இல்லை’ படிவம் முடியாமல் பெரும்பாலான நிறுவனங்கள் கடிதம் தருவதில்லை. ஆகவே கடைசி வாரத்திலேயே அந்தப் படிவத்தை முடித்து, ஒவ்வொரு பொருளையும் ஒப்படைத்ததற்கு ரசீதோ மெயிலோ வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படியும் வராவிட்டால் ராஜினாமா மெயில், அதை ஏற்ற பதில், நியமன ஆணை, முதல் மற்றும் கடைசி பே ஸ்லிப், படிவம் 16, சம்பளம் வரவான வங்கி அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் பல புதிய நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன. நிறுவனத்தின் மெயில் கணக்கு விலகிய அன்றே முடக்கப்படும் என்பதால், இவற்றின் நகல்களை முன்னதாகவே சொந்தக் கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

கடிதம் வந்ததும் பெயர், சேர்ந்த தேதி, விடுவிப்புத் தேதி, பதவி ஆகிய நான்கையும் நியமன ஆணையை அருகில் வைத்துக்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அந்த வாரமே திருத்தித் தரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டவரே வேறு வேலைக்குப் போய்விட்டால், புதிதாக வந்தவர் பழைய கோப்பைத் தேடிப் பிடிப்பதற்கே மாதக்கணக்காகும்.