29 பிட்டில் திருவாரூர்

நம் ஊரின் பெயரைக் கணிப்பொறியில் எழுதினால், அது எழுத்தையும் அதன் குறியையும் தனித்தனியே பிரித்து வைக்கிறது. த, ி, ர, ு, வ, ா, ர, ூ, ர, ் என மொத்தம் 10. யூ.டி.எஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 30 பைட் ஆகிறது. இவற்றுள் ‘ர’ மூன்று முறை வருகிறது. மற்ற ஏழும் ஒவ்வொரு முறைதான். அடிக்கடி வருவதற்குக் குட்டையான குறியீடும், அரிதாக வருவதற்கு நீளமான குறியீடும் கொடுத்தால் இடம் மிச்சமாகுமல்லவா? அதற்குச் சிறந்த வழியை 1951-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவராயிருந்த டேவிட் ஹஃப்மன் கண்டார். இறுதித் தேர்வுக்குப் பதிலாக ஒரு கட்டுரை எழுதலாம் என்று ஆசிரியர் சொன்னதன் விளைவு அது!

வழி எளிது. எண்ணிக்கையில் சிறிய இரண்டை எடுத்து, ஒரு கிளையில் கட்டி, கூட்டுத்தொகையைத் திரும்பப் போடவேண்டும். ஒன்றே மிஞ்சும்வரை இப்படியே. சிறியதை விரைவாக எடுத்துத் தருவது ‘மினிமம் ஹீப்’ என்னும் குவியல். சி மொழியில் அது வெறும் ஓர் அணிவரிசைதான்: `heap[1]`-இல் எப்போதும் மிகச் சிறியது இருக்கும், `i`-ஆம் இடத்தின் பிள்ளைகள் `2*i`, `2*i+1` ஆகிய இடங்களில் இருக்கும். தாய் பிள்ளையைவிடப் பெரிதாகாமல் காத்தால் போதும். முழுவதையும் வரிசைப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் நம் பெயரில் ஏழு ‘1’கள் உள்ளனவே, எதை முதலில் எடுப்பது? முன்னே வந்தது முந்தும் என்று வரிசை எண்ணையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். இல்லாவிடில், விரிப்பவர் கட்டும் மரம் வேறாகிவிடும்.

முதலில் எடுத்ததற்கு 0, அடுத்ததற்கு 1 என்று வைத்தால், நமக்குக் கிடைப்பவை:

```
ர 10    ு 000   வ 001   ா 010
ூ 011   ் 110   த 1110  ி 1111
```

எந்தக் குறியீடும் மற்றொன்றின் தொடக்கமாக இல்லை. ஆகவே இடையில் பிரிகோடு வேண்டாம். பெயர் முழுவதும் 29 பிட்.

ஆனால் கோப்பில் தனி பிட்டை எழுத முடியாது, பைட்டாகத்தான் எழுதமுடியும். நெல்லை மரக்காலில் நிரப்பி நிரப்பிச் சாக்கில் கொட்டுவது போல, எட்டு பிட் சேர்ந்ததும் கொட்டுகிறோம்:

```c
static unsigned char buf;
static int n;

void putbit(int b, FILE *f)
{
    buf = (buf << 1) | b;
    if (++n == 8) {
        fputc(buf, f);
        buf = 0;
        n = 0;
    }
}
```

மூன்று மரக்கால் நிரம்பியபின் 5 பிட் மிஞ்சுகிறது. அதை அப்படியே விட்டால் பெயரின் கடைசி இரண்டு குறிகள் கோப்பில் சேராமலே போய்விடும். எனவே முடிவில் `while (n > 0) putbit(0, f);` என்று பூஜ்யத்தால் நிரப்புகிறோம். கோப்பில் `EF 81 53 B0` என 4 பைட் இருக்கும்.

வேடிக்கை இங்கேதான். நிரப்பிய 000 என்பது ‘ு’ என்பதற்கான குறியீடே! விரிக்கும் நிரல் அதையும் படித்து, ஊர்ப் பெயரின் வாலில் ஓர் உகரக் குறியை ஒட்டிவிடும். பெரிய கோப்பானால் கடைசியில் ஒட்டிய ஓர் எழுத்து யார் கண்ணிலும் படாது. மூலக் கோப்பின் நீளத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். ஆகவே மொத்தம் 10 என்பதைக் கோப்பின் தலைப்பிலேயே எழுதி, பத்தை எடுத்ததும் நிறுத்தச் சொல்கிறோம். மரத்தை மீண்டும் கட்ட, எட்டுக் குறிகளும் அவற்றின் எண்ணிக்கைகளும் அதே தலைப்பில் வேண்டும். அவற்றையும் சேர்த்தால் நம் 4 பைட்டின் பெருமை கரைந்துவிடுகிறது. ஒரு சொல்லுக்கு இந்த முறை கட்டாது. ஒரு புத்தகத்துக்குக் கட்டும்.